இரண்டாவது வடிகால்

தேர்வுத் தாளோடு ஒரு பெரிய வெள்ளை அட்டையும் கொடுத்தார்கள். அதில் ஒரு வெறும் சமையலறை வரையப்பட்டிருந்தது. பின்பக்கம் சரக்கு வரும் கதவு, முன்பக்கம் தட்டு வெளியே போகும் ஜன்னல், இடது மூலையில் எச்சில் தட்டு திரும்பி வரும் சிறிய ஜன்னல். தரையில் வடிகால் இருக்கும் இடங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள். அடுப்பு, மேசை, கிரைண்டர், தொட்டி எல்லாம் எங்கே வரும், யார் எங்கே நிற்பார், எந்த வழியாக நடப்பார் என்று நாம்தான் வரைய வேண்டும். ஒன்றரை மணி நேரம்.

நான் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதுதான் தப்பு.

ஒன்பதாம் வகுப்போடு தாராவி முனிசிபல் பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் சமையலறைகளில் போயிற்று. மாட்டுங்காவில் மூன்று டிபன் கடைகள், சூரத்தில் ஒரு மெஸ், கோவாவில் இரண்டு சீசன், புனே நெடுஞ்சாலையில் ஒரு தாபா, திரும்பவும் மாட்டுங்கா. எங்கும் மூன்று வருடம் முழுதாக இருந்ததில்லை. சில இடத்தில் அவர்கள் அனுப்பினார்கள், பல இடத்தில் நானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். படுக்கிற இடம் பெரும்பாலும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூட்டைப் பக்கம் குளிர் தெரியாது.

அப்போது செம்பூரில் ஒரு கேன்டீன் காண்டிராக்டரிடம் இருந்தேன். ராமநாதபுரத்துக்காரர், எல்லோருக்கும் பாய். அணுசக்தி நகர் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு ஊழியர் கேன்டீன் நடத்தும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. சமையலறைப் பொறுப்பாளர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"ரெண்டு பேர அனுப்புறேன். ரெண்டு பேருக்கும் கை நல்ல கை. யாரு பாஸ் பண்ணுதாங்களோ அவுங்க இன்சார்ஜ். ரெண்டு பேரும் பெயிலுன்னா வெளிய ஆளு எடுக்குறத தவிர எனக்கு வேற வழியில்ல. பொறவு என்னய பேசக்கூடாது" என்றார் பாய்.

இன்னொருவர் தாராவி அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் இட்லி அவித்துக் கடைகளுக்குப் போட்டவர், கட்டடம் இடித்தபோது இடம் போய் பாயிடம் வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே சண்டை இல்லை, பேச்சும் குறைவு. ஒரே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் என்ன பேசுவது?

எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. முப்பத்து மூன்று வயதில் முழங்கால் சொல்கிறது, இனி ஊர் ஊராகப் போக முடியாது என்று. மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், ஆனால் எந்தச் சமையலறையிலும் என் சொல்லுக்கு ஒரு மேசை நகர்ந்ததில்லை.

தேர்வு செம்பூரிலேயே ஒரு சமையல் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. முதல் நாள் எழுத்தும் வரைபடமும். மறுநாள் நடைமுறை: பெரிய பயிற்சிச் சமையலறையில் மேசை, கிரைண்டர் எல்லாம் சக்கரம் வைத்தவை. நீ வரைந்தபடியே அவற்றை நிறுத்துவார்கள். மற்றத் தேர்வர்களும் பயிற்சிக் கூடத்து ஆட்களும் உன் படை. நாற்பத்தைந்து நிமிடத்தில் அறுபது தட்டு வெளியே போக வேண்டும்.

படையின் பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு. மனப்பாடம் செய்ய எனக்கு ஒரு வழி இருந்தது. ஸொசியே என்றால் எங்கள் சரக்கு மாஸ்டர், குழம்பு வகைக்கு அதிகாரி. கார்த் மான்ஷே குளிர்ந்த பண்டங்களுக்கு, எங்கள் கணக்கில் சட்னிக்காரர். கமி என்றால் கையாள். தட்டு போகும் ஜன்னலில் நின்று ஆர்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தட்டையும் பார்த்து அனுப்புகிறவருக்கு அபுவாயேர் என்று பெயர். சின்னப் படையில் தலைவரே அதைச் செய்வார். மாட்டுங்காவில் இதைச் செய்ய ஆளே கிடையாது. சர்வர் கத்துவார், தவா மாஸ்டர் திருப்பிக் கத்துவார், அவ்வளவுதான்.

தேர்வாளர் ஒரு மராட்டிக்காரர், பெரிய ஓட்டல்களில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹிந்தியில்தான் பேசினார், மெதுவாக. அவருடைய உதவியாளர் பெண் ஒரு பலகையில் எங்கள் வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஆணி அடித்து, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நிறத்தில் நூல் வைத்திருந்தார். ஆள் நடக்க நடக்க நூல் ஆணிக்கு ஆணி போகும். நூலும் நூலும் குறுக்கே வெட்டும் இடத்தை எண்ணுவார்கள்.

"பச்சைச் சரக்கு பின்வாசலில் நுழைந்து முன் ஜன்னலில் தட்டாகப் போக வேண்டும். திரும்பி நடக்கக் கூடாது" என்றார் தேர்வாளர். "எச்சில் தன் வழியில் போகட்டும், குப்பை தன் வழியில் போகட்டும். ஆளும் ஆளும் வெட்டினால் மதிப்பெண் குறையும். எச்சில் போய் உணவைத் தொட்டு, அந்த உணவு தட்டில் ஏறினால் அங்கேயே முடிந்தது. மீதியைப் பார்க்க மாட்டேன்."

பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் கடைகளில் 'சைடு, சைடு' என்று கத்துவீர்களே, எனக்குத் தெரியும். இங்கே கத்த வேண்டி வந்தால் உங்கள் படம் சரியில்லை என்று அர்த்தம்."

நடைமுறை நாள் காலையில் முதலில் ஒரு பிரியாணிக்காரர். தாராவிக்காரர்தான், கடையநல்லூர் பூர்வீகம். குரல் கோவில் மணி மாதிரி. ஜன்னலில் நின்று கூப்பிட்டார், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நூல் இரண்டே இடத்தில் வெட்டியது.

"எங்க பொழப்புல இந்த ரோதனையே இல்ல மச்சான். ஒரு தேக்சா அண்டா, ஒரு கரண்டி. யாரும் யாருக்கும் குறுக்க வரமாட்டான்" என்றார், வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு.

அடுத்தது அக்கா. அவர் படம் எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருந்தது. சின்ன அறையில் வேலை செய்தவருக்கு ஓர் அடி இடத்தின் விலை தெரியும். சீட்டில் பூரி கிழங்கு அவருக்கு விழுந்தது. நான் எண்ணெய்ச் சட்டியில். முதல் பதினைந்து நிமிடம் நூல் எங்கேயும் வெட்டவில்லை. பிறகு என் பூரி இரண்டு உப்பாமல் போயிற்று. அக்கா ஜன்னலில் இருந்து அதைப் பார்த்தார்.

"தள்ளு தம்பி."

"யக்கா, நீங்க அங்கதான் நிக்கணும்."

"தள்ளுங்கேம்லா. பூரியா இது, அப்பளமா?"

கரண்டியை என் கையில் இருந்து வாங்கிவிட்டார். அதன்பின் பூரி எல்லாம் பந்து பந்தாக வந்தது. ஜன்னலில் ஆள் இல்லை. கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது, எந்தத் தட்டு எந்த மேசைக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஒன்பது தட்டு வரிசையாக நின்றது. தேர்வாளர் எழுதிக்கொண்டார். பத்து நிமிடம் அந்த ஜன்னல் வெறுமையாக இருந்தது. முடிந்ததும் அவர் அக்காவிடம், "பூரி பிரமாதம். ஆனால் நீங்கள் இன்று பூரி போட வரவில்லை" என்றார்.

அக்கா வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார்.

என் முறை மதியம் இரண்டு மணி. மசால் தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. சாமான்களை என் படத்தின்படி நிறுத்திக்கொண்டிருந்தபோது அக்கா கிரைண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் அதைக் கழுவுத் தொட்டிக்குப் பக்கத்தில் காட்டினேன்.

"இங்கயா?"

"அங்கதான்க்கா."

"கழுவுற எடத்துலயா கெரண்டரு?"

"மாட்டுங்கால எல்லா கடையிலயும் அங்கதான் கெடக்கும். தண்ணி போவணும்லா."

அக்கா எதையோ சொல்ல வந்து உதவியாளர் பெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேர்வர் தேர்வருக்கு யோசனை சொல்லக் கூடாது. கிரைண்டரின் சக்கரத்தைப் பூட்டினார்.

தவாவில் பிரியாணிக்காரர், சட்னிக்கு அக்கா, மசாலாவும் சாம்பாரும் வைத்துத் தட்டை நிரப்பப் பயிற்சிக் கூடத்துப் பெண் ஒருவர், கழுவ அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பெரியவர். நான் ஜன்னலில். மொத்தம் நாற்பது தட்டு. கழுவிக் கழுவி அறுபது முறை அனுப்ப வேண்டும்.

மணி அடித்தது. "மூணு மசால்!" என்றேன். "மூணு மசால்!" என்று தவாவில் இருந்து திரும்பி வந்தது. பதினைந்து தட்டு வரை நான் சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். யாரும் ஓடவில்லை, யாரும் இடிக்கவில்லை. அதுவரை எச்சில் தட்டு ஒன்றும் திரும்பி வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இருபதாவது தட்டுக்குப் பிறகு மூலை ஜன்னலில் தட்டு வர ஆரம்பித்தது. கழுவும் பெரியவர் அவற்றைப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் அடுக்கித் தொட்டிக்குத் தூக்கிப் போனார். அந்த நேரத்தில்தான் அக்கா இரண்டாவது ஈடு சட்னிக்குக் கிரைண்டருக்குப் போனார். அவர் போகும் வழியும் பெரியவர் போகும் வழியும் ஒன்றுதான். படத்தில் அது ஒரு கோடு, அதன்மேல் இன்னொரு கோடு. இங்கே இரண்டு உடம்பு.

"சைடு!" என்றார் பெரியவர்.

பலகையில் அக்காவின் சிவப்பு நூலும் பெரியவரின் நீல நூலும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. உதவியாளர் பெண் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இன்னொரு முறை "சைடு". இன்னொரு கோடு.

முப்பத்தொன்றாவது தட்டை நான் அனுப்பியபோது, அக்கா மூடாத சட்னிப் பாத்திரத்தோடு திரும்பினார். பெரியவர் நிறைந்த டப்போடு எதிரே வந்தார். இருவரும் ஒதுங்கினார்கள், ஒரே பக்கமாக. டப்பின் விளிம்பு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது. அடுத்த நொடி இருவரும் விலகிவிட்டார்கள். உதவியாளர் பெண் அப்போது நூல் மாற்றிக்கொண்டிருந்தார். தேர்வாளர் தவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பாத்திரத்தைத் தட்டு நிரப்பும் மேசையில் வைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"டப்பு பட்டுட்டு. சாம்பார் தண்ணி ரெண்டு சொட்டு உள்ள விழுந்துட்டு. நான் பாத்தேன்."

"நல்லா பாத்தீங்களா?"

"கண்ணு என்ன பொட்டையா? நீ தலைவரு, நீ சொல்லு. ஊத்தவா, வைக்கவா?"

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பாரா, பிறகு தேர்வாளரிடம் சொல்லியிருப்பாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது அதை யோசிக்கவும் நேரம் இல்லை. வெள்ளைச் சட்னியில் இரண்டு சொட்டு, கலக்கினால் காணாமல் போகும். சூரத்தில், தாபாவில், இப்படி எத்தனை கலங்கியிருக்கும் என்று எனக்கே தெரியும். நானே கலக்கியிருக்கிறேன்.

"ஊத்துங்க" என்றேன்.

இனி கணக்கு. மேசையில் பழைய சட்னி பன்னிரண்டு தட்டுக்கு இருந்தது. புதிதாக அரைக்க எட்டு நிமிடம். அரைத்ததைக் கொண்டுவர அதே வழிதான், அதே டப். இன்னொரு முறை பட்டால் இன்னொரு முறை ஊற்ற வேண்டும். கிரைண்டருக்கு ஓடிப்போய் நானே அரைத்து நானே தூக்கி வந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. அப்படியே ஓரடி எடுத்தும் வைத்துவிட்டேன். காலையில் வெறுமையாக நின்ற ஜன்னல் ஞாபகம் வந்தது. அடியைத் திரும்ப வைத்தேன்.

கையைத் தூக்கினேன். "சார், ஒரு மாற்றம்."

மாற்றம் ஒருமுறை அறிவிக்கலாம், பத்து மதிப்பெண் போகும். தேர்வாளர் வந்தார். "சொல்லுங்கள்."

"எச்சில் தட்டு மூலை ஜன்னலிலேயே நிற்கும். சட்னி அரைத்து மேசைக்கு வந்து சேரும்வரை டப் நகராது. பட்ட சட்னி ஊற்றியாகிவிட்டது."

"பட்டதா? எப்போது?"

"இப்போது."

அவர் உதவியாளரைப் பார்த்தார். அந்தப் பெண் தலையசைத்தார், தான் பார்க்கவில்லை என்று. தேர்வாளர் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை சுத்தமான தட்டு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி எண்ணினேன். பதினொன்று.

"தாத்தா, டப்ப அங்கயே வைங்க. தொட்டியில உள்ளத மட்டும் கழுவுங்க" என்று ஹிந்தியில் கத்தினேன். "யக்கா, கைய கழுவிட்டு, வேற பாத்திரம், மூடி போட்டு கொண்டாங்க. கெரண்டர ஒருக்கா அலசுங்க. பிரியாணி பாய், ரெண்டு ரெண்டா ஊத்துங்க, ஆறு ஊத்தாதீங்க."

"தவா பூரா காலியா கெடக்கு மச்சான்!"

"கெடக்கட்டும். ரெண்டு."

"காலித் தவாவுக்கு நான் என்ன, விசிறி வீசவா?" என்றார், ஆனாலும் இரண்டுதான் ஊற்றினார்.

அந்த எட்டு நிமிடத்தில் நான் செய்தது நின்றது மட்டும்தான். மூலை ஜன்னலில் தட்டு ஏறிக்கொண்டே போனது. பரிமாறுகிறவர் வெளியே இருந்து தலையை நீட்டி, "இங்கே வைக்க இடமில்லை" என்றார். "கீழே மேசையில் வையுங்கள்" என்றேன். சுத்தத் தட்டு எட்டு. ஆறு. தொட்டியில் இருந்து நாலு கழுவி வந்தது, மறுபடி பத்து. எட்டு. கிரைண்டர் சத்தம் என் காதுக்குள்ளேயே சுற்றியது. ஐந்து. மூன்று. அடுத்த தட்டில் வைக்கச் சட்னி ஒரு கரண்டிதான் இருந்தது. அப்போது கிரைண்டர் நின்றது.

அக்கா மூடிய பாத்திரத்தோடு வெறும் வழியில் நடந்து வந்தார். ஓடவில்லை. மேசையில் வைத்தார்.

"டப்பு வரலாம்" என்றேன்.

அறுபதாவது தட்டு ஐம்பதாவது நிமிடத்தில் போயிற்று. ஐந்து நிமிடம் தாமதம்.

பிறகு வாய்மொழி. தேர்வாளர் என் வரைபடத்தை மேசையில் விரித்து நடுவே வைத்தார். "கிரைண்டர் ஏன் இங்கே?"

"வடிகால் அங்கேதான் இருக்கிறது சார்."

அவர் பென்சில் முனையைப் படத்தின் வலது பக்கத்தில், சரக்கு அறைக்கு ஒட்டி, ஒரு கட்டத்தில் வைத்தார். இன்னொரு வடிகால். நேற்று முழுவதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் வேலை செய்த எந்தக் கடையிலும் இரண்டு வடிகால் இருந்ததில்லை. ஒன்றைப் பார்த்ததும் என் கண் தேடுவதை நிறுத்திவிட்டது.

"சரி. உங்கள் மாட்டுங்காவில் கிரைண்டரும் கழுவுத் தொட்டியும் ஒட்டித்தான் இருக்கின்றன. அங்கே ஏன் இடிப்பதில்லை?"

அங்கே அது அங்கேதான் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் மாட்டுங்கா சமையலறையில் காலை நாலரை மணிக்கு நின்றேன், மனதுக்குள். மாவு ஆட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். சட்னி அரைத்து மூடியாகிவிட்டது. ஷட்டர் இன்னும் ஏறவில்லை. மதியச் சட்னிக்கு மறுபடி கிரைண்டர் ஓடுவது எப்போது? பத்தரைக்கு மேல், கடை கழுவி விட்ட பிறகு.

"அங்கே கிரைண்டர் ஓடும்போது எச்சில் தட்டு கிடையாது சார். எச்சில் வரும்போது கிரைண்டர் ஓடாது."

"பதினெட்டு வருடம் பார்த்தீர்கள்?"

"பார்த்தேன். இடத்தை மட்டும் பார்த்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை."

"அந்தக் கடைக்காரர்கள் முட்டாள்கள் இல்லை" என்றார். "இடத்தால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் இன்று கடைசியில் செய்ததும் அதுதான். ஆனால் முதலில் இடம் இருந்தது. அதைப் பார்க்காமல் விட்டதற்கு நான் குறைத்தே தீர வேண்டும்."

குறைத்தார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. ஐம்பது வேண்டும், எனக்கு ஐம்பத்திரண்டு. வரைபடத்தில் பாதிகூட இல்லை. அக்காவுக்கு வரைபடத்தில் நிறைய, படை நடத்துவதில் தோல்வி. அந்தப் பகுதியை மட்டும் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். பிரியாணிக்காரர் எங்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டார்.

பாய் குர்லாவில் இருந்த தன் அலுவலகத்துக்கு இருவரையும் கூப்பிட்டார். புதுச் சமையலறையின் அளவுத் தாளை என் முன்னால் போட்டார். "நீதான் இன்சார்ஜ். யார் யார் எங்கன்னு நாளைக்குள்ள எழுதிக் கொடு."

நான் தாளை அக்கா பக்கம் திருப்பினேன். "மேசைய எங்க போடணும்னு நீங்க வரைங்க. என் கண்ண நம்ப முடியாது."

"அப்பொ நீ என்ன செய்வ?"

"ஜன்னல்ல நிப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. தாளை இழுத்து முதலில் வடிகால்களை விரலால் எண்ணினார். "மூணு மாசம்தான் தம்பி. பொறவு நானும் பாஸ் பண்ணி உன் நாற்காலிய கேப்பேன். அப்பொ நீ வேற ஊருக்கு ஓடிருவியா?"

"முட்டி வலிக்குக்கா" என்றேன். "எங்க ஓட?"

"அப்பொ என் தவாவுக்கு வா" என்றார், பென்சிலைத் தேடிக்கொண்டே.